லோயர் சர்க்யூட்டில் பங்கு மாட்டிக்கொண்டால்: புதியவர்களுக்கான வழிகாட்டி

பங்கு வாங்கத் தொடங்கிய முதல் வருடத்தில் பலரும் குழம்பும் இடம் இது. விற்பதற்காகச் செயலியைத் திறந்தால், விலை 5 சதவீதம் இறங்கி அங்கேயே அசையாமல் நிற்கிறது. விற்கும் பொத்தானை அழுத்தினால் ஆர்டர் போகிறது, ஆனால் நிறைவேறுவதில்லை. வாங்குவோர் பக்கம் காலியாக இருக்கிறது. "சந்தையை நிறுத்திவிட்டார்களா?" என்பதுதான் முதலில் எழும் கேள்வி.

நிறுத்தவில்லை. ஒரு பங்கின் விலை அன்றைக்கு ஏறவோ இறங்கவோ விதிக்கப்பட்ட எல்லைதான் சர்க்யூட். தனிப் பங்கு ஒன்று அதைத் தொட்டால் அன்று அதன் விலை அந்த எல்லையைத் தாண்ட முடியாது, அவ்வளவுதான். எல்லை விலைக்கு யாராவது வாங்க வந்தால் வர்த்தகம் நடந்துகொண்டேதான் இருக்கும். வர்த்தகமே நிற்பது வேறு சமயங்களில்: நிஃப்டியோ சென்செக்ஸோ 10 சதவீதம் நகர்ந்தால், அல்லது எக்ஸ்சேஞ்சின் கணினி அமைப்பே பழுதானால். தனிப் பங்கு சர்க்யூட்டைத் தொடுவதற்கும் வர்த்தகமே நிற்பதற்கும் செய்ய வேண்டியது வேறுவேறு. சிறு முதலீட்டாளர் அடிக்கடி சந்திப்பது முதல் வகையைத்தான் என்பதால் அதை விரிவாகப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கு வருவோம்.

எல்லை எப்படிக் கணக்கிடப்படுகிறது

இந்தியச் சந்தையில் பெரும்பாலான பங்குகளுக்கு 2, 5, 10, 20 சதவீதம் என ஏதோ ஒரு விலைப்பட்டை இருக்கும். முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து அந்தச் சதவீதத்தை மேலும் கீழும் கணக்கிட்டால் அன்றைய அப்பர் சர்க்யூட்டும் லோயர் சர்க்யூட்டும் கிடைக்கும். நேற்று 200 ரூபாயில் முடிந்த பங்குக்கு 5 சதவீதப் பட்டை என்றால் இன்று 190 ரூபாய்க்குக் கீழோ 210 ரூபாய்க்கு மேலோ ஆர்டரே போட முடியாது. போட்டால் எக்ஸ்சேஞ்ச் நிராகரித்துவிடும்.

ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம் உள்ள பெரிய பங்குகளுக்கு இப்படி நிலையான எல்லை கிடையாது. அவற்றுக்கு 10 சதவீதத்தில் ஒரு தற்காலிக எல்லை உண்டு. விலை அதை நெருங்கி, பலர் கலந்துகொண்ட வர்த்தகம் அங்கே நடந்தால், சிறிது நேரம் பொறுத்து எக்ஸ்சேஞ்ச் எல்லையைத் தளர்த்தும். அதனால் பெரிய பங்குகளில் நாள்கணக்கில் மாட்டிக்கொள்வது அபூர்வம். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சிறு, நடுத்தர நிறுவனப் பங்குகளில்தான்.

பட்டை நிரந்தரமானதும் அல்ல. விலை தாறுமாறாக ஆடும் பங்குக்கு 20-ஐ 10 ஆக்குவார்கள், 10-ஐ 5 ஆக்குவார்கள். கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்து, ட்ரேட்-டு-ட்ரேட் பிரிவுக்கும் மாற்றுவார்கள். என்.எஸ்.இ-யில் பங்கின் பெயரோடு `BE` என்று வந்தால் அது அந்தப் பிரிவு, பி.எஸ்.இ-யில் `T` குழு. அங்கே இன்று வாங்கியதை இன்றே விற்க முடியாது, எல்லாமே டெலிவரி. கண்காணிப்பின் கடுமையான நிலைகளில் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் வர்த்தகம் அனுமதிக்கப்படும் பங்குகளும் உண்டு. வாங்குவதற்கு முன் இதைப் பார்க்க அரை நிமிடம் போதும். எக்ஸ்சேஞ்ச் தளத்தில் அந்தப் பங்கின் பக்கத்தில் விலைப்பட்டையும் கண்காணிப்புக் குறிப்பும் இருக்கும். 5 சதவீதப் பட்டையுள்ள பங்கில் பணம் போடும்போதே, வேண்டிய நாளில் வெளியேற முடியாமல் போகலாம் என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறோம்.

எதற்கு இந்த எல்லை? கெட்ட செய்தி வந்த ஐந்தாவது நிமிடத்தில் அதை அறிந்தவர் சிலர்தான். மற்றவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவும், கடன் வாங்கி வர்த்தகம் செய்பவர்களிடம் தரகர்கள் மார்ஜின் எனப்படும் ஈட்டுப் பணத்தைத் திரட்டவும், விலையை வேண்டுமென்றே ஏற்றி இறக்குபவர்களின் வேகத்தைக் குறைக்கவும் அவகாசம் வேண்டும். சர்க்யூட் அந்த அவகாசத்தைத் தருகிறது. ஆனால் விலை விழுவதை அது தடுப்பதில்லை. விழ வேண்டியதை நாள்வாரியாகப் பிரித்துவிடுகிறது. அந்தப் பிரிவினையின் சுமை, அவசரமாக விற்க வேண்டியவர் தலையில்தான் விழுகிறது.

ஒரு கணக்கு: 200 ரூபாய்ப் பங்கு, 500 எண்ணிக்கை

உங்களிடம் 500 பங்குகள் இருக்கின்றன. திங்கள்கிழமை முடிவு விலை 200 ரூபாய், பட்டை 5 சதவீதம். இரவில் மோசமான காலாண்டு முடிவு வெளியாகிறது. செவ்வாய்க்கிழமை காலை 10.40-க்கு நீங்கள் பார்க்கும்போது விலை 190-இல் பூட்டிக்கிடக்கிறது.

முதலில் திறக்க வேண்டியது மார்க்கெட் டெப்த் பகுதி. வாங்குவோர் ஐந்து வரிசைகளும் பூஜ்யம். விற்போர் பக்கம் 190.00 ரூபாய்க்கு நேராக 3,20,000 பங்குகள். கீழே அன்றைய மொத்த வர்த்தகம் 45,000. இந்த மூன்று எண்களும் நிலைமையைச் சொல்லிவிடும்.

எக்ஸ்சேஞ்ச் ஆர்டர்களைப் பொருத்தும் விதி எளிமையானது. முதலில் விலை, விலை ஒன்றானால் நேரம். விற்பவர்களில் குறைந்த விலை கேட்பவருக்கு முன்னுரிமை. லோயர் சர்க்யூட்டில் எல்லோரும் 190-இல்தான் நிற்கிறார்கள், அதற்குக் கீழே போகவும் முடியாது. ஆகவே விலையால் முந்த வழியில்லை. எஞ்சியிருப்பது நேரம் ஒன்றுதான். ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் வந்தவர் முன்னால்.

நீங்கள் 10.40-க்கு 190 ரூபாயில் லிமிட் ஆர்டர் போட்டால் உங்களுக்கு முன்னால் 3,20,000 பங்குகள் நிற்கின்றன. டெப்த் திரை வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டாது. அதனால் ஆர்டர் போடும் கணத்தில் இருந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து மொத்த வர்த்தகம் 45,000-இலிருந்து 51,000 ஆகியிருக்கிறது என்றால் வரிசை 6,000 நகர்ந்திருக்கிறது. முன்னால் நிற்கும் சிலர் ஆர்டரை ரத்து செய்திருந்தால் இன்னும் கொஞ்சம். அதே வேகத்தில் மாலை 3.30 வரை போனாலும் 60,000-க்கு மேல் தாண்டாது. அன்று உங்கள் முறை வராது என்பது காலையிலேயே தெரிந்துவிடுகிறது. ஆர்டரை விட்டுவைப்பதில் நஷ்டமில்லை, பெரிய வாங்குபவர் ஒருவர் வந்தால் வரிசை சட்டென்று கரையலாம். ஆனால் மனதை மறுநாள் காலைக்குத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

ஆர்டர் போட்ட பிறகு அதை நோண்டாதீர்கள். விலையை மாற்றினாலும், எண்ணிக்கையை அதிகமாக்கினாலும் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் இடம் போகாது. மார்க்கெட் ஆர்டரும் இங்கே உதவாது. எதிர்ப்பக்கம் ஆளே இல்லாதபோது "கிடைக்கும் விலைக்கு" என்பதற்கு அர்த்தமில்லை. சில தரகர்களின் அமைப்பு அதை ரத்தே செய்துவிடும். எல்லை விலையிலேயே லிமிட் ஆர்டர், அதுதான் சரி.

பங்கு இரண்டு எக்ஸ்சேஞ்சிலும் பட்டியலிடப்பட்டிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். என்.எஸ்.இ-யில் 3 லட்சம் நிற்கும்போது பி.எஸ்.இ-யில் 40,000 மட்டுமே நிற்கலாம். டீமேட்டில் வந்து சேர்ந்த பங்கை எங்கே வாங்கியிருந்தாலும் எதில் வேண்டுமானாலும் விற்கலாம். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எந்த இடத்தில் வரிசை நகர்கிறது என்று பாருங்கள். 40,000 பங்குகள் மட்டுமே நின்று நாளெல்லாம் 500 பங்கு கைமாறும் இடத்தைவிட, 3 லட்சம் நின்றாலும் மணிக்கு 30,000 கைமாறும் இடம் மேல். 500 பங்குகளை 250, 250 எனப் பிரித்து இரண்டிலும் போடலாம். இருப்பது 500 என்றால் இரண்டிலும் 500 போடத் தரகர் அமைப்பு விடாது.

மறுநாள் காலை

நிறைவேறாத ஆர்டர் மாலையோடு செத்துவிடும். புதன்கிழமைக்குப் புதிய எல்லை, புதிய வரிசை. 190-இலிருந்து 5 சதவீதம் கழித்தால் 180.50. வேலை 9 மணிக்கே தொடங்குகிறது, 9.15-க்கு அல்ல.

பெரும்பாலான பங்குகளுக்கு 9.00 முதல் 9.08 வரை முன்திறப்பு அமர்வில் ஆர்டர்கள் சேகரிக்கப்படும், பிறகு ஒரே விலையில் பொருத்தப்படும். அதில் நிறைவேறாத லிமிட் ஆர்டர்கள் அப்படியே 9.15 வரிசைக்கு நகரும், போட்ட நேரத்தின் முன்னுரிமையோடு. அதனால் 9.00-க்கு நின்றவர் 9.15-க்கு எழுந்து வருபவரைவிட வெகுதூரம் முன்னால் இருப்பார். செய்ய வேண்டியது இவ்வளவு:

1. முந்தைய இரவே எல்லை விலையைக் கணக்கிட்டு வையுங்கள். காலையில் செயலி காட்டும் எல்லையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பட்டையே மாறியிருக்கலாம்.
2. தரகருக்கு டி.டி.பி.ஐ எனப்படும் விற்பனை அனுமதியை நீங்கள் கொடுத்து வைக்கவில்லை என்றால், ஒவ்வொரு விற்பனைக்கும் முன் டிபின் எண்ணும் ஓ.டி.பி-யும் தேவைப்படும். அதை முன்கூட்டியே கொடுக்கத் தரகர் வசதி தந்தால் முதலில் முடித்துவிடுங்கள். ஓ.டி.பி வரத் தாமதமாகும் இரண்டு நிமிடத்தில் வரிசையில் ஒரு லட்சம் பங்குகள் உங்களுக்கு முன் போய் நின்றுவிடும்.
3. 9.00 மணிக்கு 180.50 ரூபாயில் லிமிட் ஆர்டர் போடுங்கள்.
4. முந்தைய இரவே போடும் ஏ.எம்.ஓ ஆர்டரை நம்பினால், அதை உங்கள் தரகர் 9.00-க்கு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்புகிறாரா, 9.15-க்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை அது தரகரின் கணினியில்தான் உறங்கும், எக்ஸ்சேஞ்ச் வரிசையில் இருக்காது.

மூன்றாவது படியில் பலருக்குக் கை நடுங்கும். "180.50 என்று போட்டு, பங்கு 187-இல் திறந்தால் 6.50 ரூபாய் போய்விடுமே?" போகாது. நீங்கள் சொல்வது இதற்குக் கீழே தரமாட்டேன் என்பதை மட்டுமே. முன்திறப்பில் எல்லோருக்கும் ஒரே விலை. அது 187 என்று அமைந்தால் உங்கள் பங்கும் 187-க்கே விற்கும்.

புதன்கிழமை உங்கள் 500-இல் 140 மட்டும் விற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 360-க்கு வியாழக்கிழமை எல்லை 171.48, அதுவும் போகாவிட்டால் வெள்ளிக்கிழமை 162.91. டீமேட் கட்டணம் பங்குக்கு, நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கில் வரும். மூன்று நாள் துண்டு துண்டாக விற்றால் மூன்று முறை பிடிப்பார்கள். சிறு தொகைதான், ஆனால் 20 பங்கு, 30 பங்கு என்று விற்கும்போது உறுத்தும்.

இந்த ஓட்டத்துக்கு நடுவே ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: விற்கத்தான் வேண்டுமா? எக்ஸ்சேஞ்ச் தளத்தில் நிறுவன அறிவிப்புகள் பகுதிக்குப் போய்க் காரணத்தைப் படியுங்கள். ஆடிட்டர் விலகல், கடன் தவணை தவறியது, புரமோட்டர் அடமானப் பங்குகள் விற்கப்பட்டது போன்றவை என்றால் முதல் நாள் வரிசையில் நிற்பதே நல்லது; நான்கு சர்க்யூட்டில் 200 ரூபாய் 163-க்கு வந்துவிடும். ஒரு காலாண்டு லாபம் சற்றுக் குறைந்ததற்காகப் பதறி இறங்கியிருந்தால் சர்க்யூட் திறந்த பிறகு முடிவெடுக்கலாம். எந்த அறிவிப்புமே இல்லாமல் விழுந்தால் அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏற்றிவிட்டவர்கள் இறங்கிக்கொண்டிருக்கலாம். போனஸ், பங்குப் பிரிப்பு நாளில் செயலி 50 சதவீதச் சரிவு காட்டி அச்சுறுத்துவது தனிக்கதை. அன்று அடிப்படை விலையே மாற்றப்பட்டிருக்கும், அது சர்க்யூட் அல்ல.

ஸ்டாப் லாஸ் ஏன் காப்பாற்றவில்லை

"192-க்கு ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேனே!" என்ற புலம்பலை அடிக்கடி கேட்கலாம். விலை நாம் குறித்த அளவுக்கு இறங்கியதும் தானாகக் கிளம்பும் விற்பனை ஆர்டர்தான் ஸ்டாப் லாஸ். செவ்வாய்க்கிழமைக் கதையிலேயே பார்ப்போம். தூண்டு விலை 192, விற்கும் விலை 191 என்று போட்டிருக்கிறீர்கள். பங்கு நேராக 190-இல் திறக்கிறது. அங்கே முதல் வர்த்தகம் நடந்ததும் உங்கள் ஆர்டர் தூண்டப்பட்டு 191-க்கு விற்பனை வரிசைக்குப் போகிறது. ஆனால் 190-இல் லட்சக்கணக்கான பங்குகள் நிற்கின்றன. 191 கேட்கும் நீங்கள் அவர்கள் எல்லோருக்கும் பின்னால். நாள் முழுக்க உங்கள் முறை வராது. அதைக் கவனித்து 190-ஆக மாற்றினாலும், மாற்றிய நேரம்தான் கணக்கு, வரிசைக் கடைசிதான்.

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. தூண்டு விலையை 192-இல் வைத்து, விற்கும் விலையை அன்றைய லோயர் சர்க்யூட்டான 190-இல் வையுங்கள். தூண்டப்பட்டவுடன் 190 வரிசைக்கே போவீர்கள். இடையில் யாராவது 191.50-க்கு வாங்க நின்றால் அந்த விலையே கிடைக்கும். எல்லை தினமும் மாறுவதால் இந்த ஆர்டரையும் தினமும் புதிதாகப் போட வேண்டும். மாதக்கணக்கில் நிற்கும் ஜி.டி.டி ஆர்டரில் இன்னொரு சிக்கல் வரும். பல மாதங்களுக்கு முன் நீங்கள் குறித்த விற்பனை விலை, தூண்டப்படும் நாளின் லோயர் சர்க்யூட்டுக்குக் கீழே இருந்தால் எக்ஸ்சேஞ்ச் அதை ஏற்காது. தூண்டப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்ததோடு நிம்மதியடையாமல் ஆர்டர் புத்தகத்தில் நிறைவேறியதா என்று பாருங்கள்.

அப்பர் சர்க்யூட்டில் வாங்க நிற்பவருக்கு

இதே வரிசை மேல்பக்கமும் உண்டு. 210-இல் 5 லட்சம் பங்குகளுக்கு வாங்கும் ஆர்டர்கள் நிற்க, நீங்களும் கடைசியில் போய் நிற்கிறீர்கள். நாள்கணக்கில் கிடைக்கவில்லை. ஒருநாள் திடீரென்று மொத்தமாகக் கிடைத்துவிடுகிறது. அந்த மகிழ்ச்சிதான் ஆபத்து. உங்களுக்கு முன் நின்ற 5 லட்சமும் நிறைவேறிய பிறகே உங்களுக்குக் கிடைத்திருக்கும். அல்லது முன்னால் நின்ற பெரிய ஆர்டர்கள் ரத்தாகியிருக்கும். முதலாவது என்றால் ஒரு பெரிய விற்பவர் வந்துவிட்டார். இரண்டாவது என்றால் வரிசையே ஆளைக் கவர நிறுத்தப்பட்ட வெற்றுக் கூட்டமாக இருந்திருக்கலாம். இரண்டிலுமே அடுத்த சில நாட்கள் எதிர்த்திசையில் போக வாய்ப்பு அதிகம். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுவில் "தினமும் அப்பர் சர்க்யூட்" என்று வரும் பங்கை வாங்க நினைக்கும்போது இந்தப் பொறிமுறையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நுழைய முடிகிற நாள் எதனால் வந்தது என்று தெரியாமல் நுழைய வேண்டாம்.

இன்ட்ராடேயில் மாட்டினால்

டெலிவரி முதலீட்டாளருக்கு சர்க்யூட் என்றால் காத்திருப்பு. வாங்குவதையும் விற்பதையும் அன்றே முடிக்கும் இன்ட்ராடே செய்பவருக்கு அது பெரிய பணப் பிரச்சினையாக மாறலாம்.

வாங்கி மாட்டினால் நிலைமை சமாளிக்கக்கூடியது. மாலையில் தரகரின் தானியங்கி முடிப்பும் தோற்றுப்போகும், வாங்குபவர் இல்லையே. பங்கு டெலிவரியாக மாறும், முழுத் தொகையும் கணக்கில் இருக்க வேண்டும். 20,000 ரூபாய் மார்ஜினில் 1 லட்சத்துக்கு வாங்கியவர் மீதி 80,000-ஐ அன்றே ஏற்பாடு செய்ய வேண்டிவரும்.

கையில் இல்லாத பங்கை முதலில் விற்றவர் அப்பர் சர்க்யூட்டில் மாட்டினால் கதை வேறு. முந்தைய முடிவு 200, பட்டை 10 சதவீதம், எல்லை 220. நீங்கள் 212-இல் 500 பங்குகளை ஷார்ட் செய்தீர்கள். மதியம் 2 மணிக்கு 220-இல் பூட்டிக்கொண்டது. விற்பவர் யாரும் இல்லை, திருப்பி வாங்க முடியவில்லை. மறுநாள் நீங்கள் பங்கைக் கொடுத்தாக வேண்டும், இப்போது செட்டில்மென்ட் ஒரே நாள். கொடுக்க இல்லாததால் எக்ஸ்சேஞ்ச் உங்கள் சார்பில் ஏலத்தில் வாங்கப் பார்க்கும். ஏலத்திலும் விற்க ஆள் வராவிட்டால் பணமாகக் கணக்கு முடிக்கப்படும். வர்த்தக நாளிலிருந்து ஏல நாள் வரை இருந்த உச்ச விலை, அல்லது ஏல நாளின் முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அந்த விலைக்கு.

மறுநாளும் அப்பர் சர்க்யூட் என்றால் முடிவு விலை 242. அதற்கு மேல் 20 சதவீதம் 290.40. உங்கள் நஷ்டம் பங்குக்கு 78.40, மொத்தம் 39,200 ரூபாய். சந்தை விலைப்படி நஷ்டம் வெறும் 15,000-தான். மீதி எல்லாம் பங்கைக் கொடுக்க முடியாததற்கான விலை. தரகர் கட்டணம் தனி.

மறுநாள் காலை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பது வீண், அந்தப் பங்கு அதற்கடுத்த நாள்தான் கைக்கு வரும். உங்களின் வேறொரு டீமேட்டிலோ வீட்டில் வேறு ஒருவரிடமோ அதே பங்கு இருந்தால் உடனே தரகரை அழைத்து, விற்ற பங்கை ஒப்படைக்க வேண்டிய பே-இன் நேரத்துக்குள் அதை உங்கள் கணக்குக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முன்னெச்சரிக்கை இதைவிட எளிது: 20 சதவீதத்துக்குக் குறைந்த பட்டையுள்ள பங்கை இன்ட்ராடேயில் ஷார்ட் செய்யாதீர்கள். எல்லைக்கு 2 சதவீதம் அருகே வந்துவிட்டால் நஷ்டமானாலும் மூடிவிடுங்கள்.

சந்தை முழுக்க நிற்கும்போது

இதற்கான முறையை செபி 2001 ஜூலையில் கொண்டுவந்தது. நிஃப்டி 50, சென்செக்ஸ் இரண்டில் ஏதாவது ஒன்று முந்தைய நாள் முடிவிலிருந்து 10, 15, 20 சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ, நாடு முழுவதும் பங்குகள், பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எல்லாம் ஒருசேர நிற்கும். எவ்வளவு நேரம் என்பது எல்லை தொட்ட நேரத்தைப் பொறுத்தது.

10 சதவீதத்தை மதியம் 1 மணிக்கு முன் தொட்டால் 45 நிமிடம். 1 முதல் 2.30 வரை என்றால் 15 நிமிடம், 2.30-க்குப் பிறகு நிறுத்தம் இல்லை. 15 சதவீதத்தை 1 மணிக்கு முன் தொட்டால் 1 மணி 45 நிமிடம்; 1 முதல் 2 வரை 45 நிமிடம்; 2 மணிக்குப் பிறகு அன்றைய வர்த்தகமே முடிந்தது. 20 சதவீதம் என்றால் எந்த நேரமானாலும் அன்றைக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும், திறப்பதற்கு முன் 15 நிமிட முன்திறப்பு அமர்வு உண்டு. அதாவது 45 நிமிட நிறுத்தம் என்றால் வழக்கமான வர்த்தகம் தொடங்க ஒரு மணி நேரம் ஆகும்.

2020 மார்ச்சில் இது பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை நடந்தது. மார்ச் 13 காலை திறந்த சில நிமிடங்களில் நிஃப்டி 10 சதவீதம் சரிந்தது. 10.20-க்கு மீண்டும் திறந்தது. முந்தைய நாள் 9,590-இல் முடிந்திருந்த நிஃப்டி, அன்று 8,555 வரை போய், 9,955-இல், அதாவது ஏற்றத்தில் முடிந்தது. மார்ச் 23 அன்றும் காலையிலேயே 10 சதவீதச் சரிவு, அதே 45 நிமிட நிறுத்தம். இம்முறை திறந்த பிறகும் விழுந்து, சுமார் 13 சதவீத இழப்போடு 7,610-இல் முடிந்தது. நிறுத்தம் ஒன்றேதான், முடிவு நேரெதிர். திறந்தவுடன் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு நிறுத்தத்தில் எந்தத் துப்பும் இல்லை. மேல்பக்கமும் இது நடக்கும்: 2009 மே 18, தேர்தல் முடிவுக்கு அடுத்த வர்த்தக நாள், சந்தை மேல் எல்லைகளைத் தொட்டு அன்றைக்கே மூடப்பட்டது.

அந்த ஒரு மணி நேரத்தை இப்படிப் பயன்படுத்தலாம். நிறுத்தத்துக்கு முன் போட்ட ஆர்டர்கள் அப்படியே இருப்பதாக எண்ண வேண்டாம். ஆர்டர் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஸ்டாப் லாஸ் உட்பட. மார்ஜினில் எடுத்து இன்னும் முடிக்காத நிலைகள் வைத்திருந்தால் தரகரின் மார்ஜின் அறிவிப்பைப் பார்த்துப் பணம் ஏற்றுங்கள், திறந்தவுடன் தரகர் தானாகவே விற்றுவிடுவதைத் தவிர்க்க அதுதான் நேரம். விற்கவோ வாங்கவோ முடிவு செய்தால் முன்திறப்பு அமர்வில் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். திறக்கும் முதல் நிமிடங்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும், மார்க்கெட் ஆர்டர் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. கடன் வாங்காமல், நீண்டகாலத்துக்கு வைத்திருப்பவர் அந்த நேரத்தில் எதையும் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. மாதாந்திர எஸ்.ஐ.பி-யை நிறுத்த ஓட வேண்டாம்.

கணினிப் பழுதால் நிற்கும்போது

2021 பிப்ரவரி 24 அன்று என்.எஸ்.இ காலை 11.40-க்குத் தொழில்நுட்பக் கோளாறால் நின்றது. எப்போது திறக்கும் என்று நீண்ட நேரம் தெரியவில்லை. பி.எஸ்.இ ஓடிக்கொண்டிருந்தது. என்.எஸ்.இ மாலை 3.45-க்குத் திறந்து 5 மணி வரை நடந்தது. அதற்குள் பல தரகர்கள், என்.எஸ்.இ-யில் நின்ற இன்ட்ராடே நிலைகளை பி.எஸ்.இ-யில் போய் முடித்துவிட்டார்கள். நேரம் நீட்டிக்கப்படும் என்று யாருக்கும் முன்னால் தெரியாது.

இப்படியான நாளில் முதலில் பழுது எங்கே என்று பிரித்துப் பாருங்கள். உங்கள் செயலி மட்டும் நின்றதா, எக்ஸ்சேஞ்சே நின்றதா? எக்ஸ்சேஞ்ச் தளத்தில் விலைகள் நகர்ந்தால் கோளாறு உங்கள் தரகரிடம். அவருடைய தொலைபேசி ஆர்டர் எண்ணை அழையுங்கள், அந்த எண்ணை முன்பே போனில் சேமித்து வையுங்கள். எக்ஸ்சேஞ்சே நின்றிருந்தால், டெலிவரிப் பங்கை இன்னொரு எக்ஸ்சேஞ்சில் விற்க முடியும். இன்ட்ராடே நிலை இருந்தால் அதைத் தொடுவதற்கு முன் தரகரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் நிலையை நீங்கள் மூடப்போகிறீர்களா, நான் மூடவா?" இருவரும் மூடினால் 500 விற்க வேண்டிய இடத்தில் 1,000 விற்றுப்போய், கையில் இல்லாத 500 பங்குகளுக்கு ஷார்ட் நிலை உருவாகிவிடும். அன்றே அதைத் திருப்பி வாங்க முடியாவிட்டால், முன்பு பார்த்த ஏலம்தான்.